ஆவி படியாக் கண்ணாடியும் சவரக் கண்ணாடியும்: அறிகுறி வழியே பிழை கண்டறிதல்

கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெந்நீரில் குளித்துவிட்டு வருபவர் கண்ணாடியில் தன் முகத்தைக் காண முடியாது. அதனால்தான் இங்குள்ள விடுதிகளிலும் வீடுகளிலும் பின்புறம் சூடேறும் கண்ணாடிகளை வாங்கி மாட்டுகிறார்கள். கண்ணாடியின் முதுகில் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று மின்சாரத்தால் இளஞ்சூடாகி, ஆவி படியாமல் பார்த்துக்கொள்கிறது. கடைகளில் அதை டிமிஸ்டர் பேட் என்பார்கள். இங்கே பேட் என்றே எழுதுகிறேன். அதன் அருகிலேயே, நீட்டி மடக்கும் கையில் உருப்பெருக்கும் சவரக் கண்ணாடியும் பெரும்பாலும் இருக்கும். இவ்விரண்டிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கோளாறுகளை, அவை வெளியே தெரியும் விதத்தை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகிறது.

## கை வைக்கும் முன்

கண்ணாடியின் சுவிட்சை அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. வீடுகளில் உள்ள சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் நியூட்ரலாக இருந்ததையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு முன் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். பிறகு டெஸ்டரால் கண்ணாடிக்கு வரும் இரண்டு கம்பிகளையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மெயினை அணைப்பதற்கு முன்பே உயிருள்ள ஒரு சாக்கெட்டில் சோதித்திருக்க வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். குளித்த ஈரம் காயாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

## அறிகுறி 1: சுவிட்ச் போட்டும் கண்ணாடி மங்குகிறது

### கண்ணாடி முழுவதும் மங்கினால்

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பேட் கண்ணாடியைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை மட்டுமே சூடாக்குகிறது. குளிர்ந்த காலையில் அதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். குளித்து முடித்த பிறகு சுவிட்சைப் போட்டால், படிந்த ஆவி விலகுவதற்குள் நீங்கள் சவரத்தையே முடித்திருப்பீர்கள். கீசரைப் போடும்போதே கண்ணாடியையும் போடுவதுதான் சரியான வழக்கம்.

அடுத்து, பேட் எந்தப் பொத்தானோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். சில கண்ணாடிகளில் விளக்கு எரிந்தால் பேட்டும் சூடாகும். சிலவற்றில் ஆவி வடிவக் குறியுள்ள தனித் தொடு பொத்தான் இருக்கும். அதைத் தொடாமல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, பேட் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பேட்டைத் தானே நிறுத்திவிடும் வகைகளும் உள்ளன. அவற்றில் மீண்டும் ஒருமுறை தொட வேண்டியிருக்கும்.

இவை இரண்டும் இல்லையென்றால், அறை உலர்ந்திருக்கும் நேரத்தில் பேட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடியின் நடுவிலும் ஓரத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் பேட் உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தால், பேட்டுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது பேட் அறுந்திருக்கிறது.

வெதுவெதுப்பாக இருந்தும் மங்கினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மலைப்பகுதியில் எல்லா வீட்டுக் கீசர்களும் ஒரே நேரத்தில் ஓடும் காலை வேளையில் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180 வரை இறங்குவதை அளந்திருக்கிறேன். அந்த அழுத்தத்தில் 50 வாட் பேட் ஏறக்குறைய 30 வாட் சூட்டைத்தான் தரும். இதற்குப் பேட்டை மாற்றிப் பயனில்லை. முன்கூட்டியே போட்டு வைப்பதும், ஆவி வெளியேற எக்ஸாஸ்ட் விசிறியைச் சரிசெய்வதும்தான் வழி. கூரையிலிருந்து நீர் சொட்டும் அளவுக்கு ஆவி நிற்கும் அறையில் எந்தப் பேட்டும் தோற்றுப்போகும்.

குளிர்ச்சியாகவே இருந்தால் மெயினை அணைத்து, கண்ணாடியை இருவராகச் சேர்ந்து இறக்கி, மெத்தை விரித்த மேசையில் முகம் கீழாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள் சேரும் கனெக்டரில் திருகு தளர்ந்திருக்கிறதா, செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் வெப்பமே இல்லை என்று வந்த கண்ணாடிகளில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டன. கனெக்டர் நன்றாக இருந்தால் பேட்டின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் அவற்றுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். 230 வோல்ட் பேட்டாக இருந்தால் வர வேண்டிய அளவு இதுதான்:

```
230 × 230 ÷ வாட் = ஓம்
50 வாட் : சுமார் 1060 ஓம்
25 வாட் : சுமார் 2120 ஓம்
```

பத்து விழுக்காடு முன்பின் இருப்பது இயல்பு. மீட்டர் எந்த எண்ணையும் காட்டாமல் திறந்த சுற்றைக் காட்டினால் படலத்துக்குள் இழை அறுந்துவிட்டது. அதை ஒட்டவோ பற்ற வைக்கவோ முடியாது. அளவு சரியாக வந்தால் கோளாறு பேட்டில் இல்லை. அதற்கு மின்சாரம் அனுப்பும் தொடு பலகையில் இருக்கிறது. பொத்தானைத் தொடும்போது உள்ளே டிக் என்ற மெல்லிய ஒலி கேட்கவில்லையென்றால் பெரும்பாலும் அதன் ரிலேதான் போயிருக்கும். பேட்டின் மீதுள்ள எழுத்தையும் படியுங்கள். எல்.இ.டி. விளக்குள்ள சில கண்ணாடிகளில் பேட் 12 வோல்ட்டில் ஓடும். அதில் 25 வாட்டுக்கு 6 ஓமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். அந்தப் பேட்டுக்கு 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துச் சோதித்தால் அக்கணமே கருகிவிடும்.

பேட்டை மாற்றுவதாக முடிவு செய்தால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பழைய பேட்டை இழுத்து உரிக்கும்போது கண்ணாடியின் பின்பூச்சும் சேர்ந்து வந்துவிடக்கூடும். ஆகையால் சவர பிளேடால் சுரண்டாமல், முடி உலர்த்தியின் வெதுவெதுப்பில் பசையை இளக்கி, ஒரு மூலையிலிருந்து பொறுமையாக எடுக்க வேண்டும். பூச்சு சிறிதேனும் உரிந்தால் கண்ணாடியையே மாற்றுவது நல்லது.

### நடுவில் மட்டும் தெளிந்து ஓரம் மங்கினால்

இது கோளாறு அல்ல. பேட் ஒட்டியிருக்கும் பரப்பும் அதைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டரும்தான் தெளியும். ஓரம் வரை தெளிய வேண்டுமென்று பெரிய பேட்டை வாங்கி, மிஞ்சிய பகுதியைக் கத்தரியால் வெட்டி ஒட்டியதையும் ஒரு விடுதியில் பார்த்தேன். பேட்டை ஒருபோதும் வெட்டக் கூடாது, துளையிடவும் கூடாது. வெட்டிய விளிம்பில் மின்னிழை வெளியே வந்து நிற்கும், ஈரம் அதைத் தேடி வரும்.

### திட்டுத் திட்டாகத் தெளிந்தால்

பேட்டின் ஒரு பகுதி பசை விட்டு எழுந்து நிற்கிறது. அங்கே காற்று இடைபுகுந்து, சூடு கண்ணாடிக்குப் போகாமல் பேட்டிலேயே தங்குகிறது. நாளடைவில் அந்த இடம் பழுப்பேறும். எழுந்த பகுதி உள்ளங்கை அளவுக்குக் குறைவாகவும் நிறம் மாறாமலும் இருந்தால் அழுத்தி ஒட்டிப் பார்க்கலாம். பழுப்பேறியிருந்தால் அந்தப் பேட்டை மீண்டும் மின்சாரத்தில் இணைக்க வேண்டாம்.

## அறிகுறி 2: ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது, மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் காப்பு சுவிட்ச்.

### கண்ணாடியின் சுவிட்சைப் போட்டவுடன் விழுந்தால்

கண்ணாடியின் கம்பிகளை முழுதாகக் கழற்றி, முனைகளைத் தனித்தனியே கனெக்டரில் மூடிவிட்டு, அதே சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். இப்போதும் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கும் வயரில். விழாவிட்டால் கண்ணாடிக்குள் இருக்கிறது: பேட், எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர், அல்லது அவற்றுக்கிடையே நசுங்கிய கம்பி. நசுங்கிய கம்பியைக் கண்ணாலேயே காணலாம். மற்ற இரண்டையும் பிரித்தறிய இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும். அது வயர்மேனின் வேலை.

### குளித்துச் சிறிது நேரம் கழித்து விழுந்தால்

ஈரம் ஓர் இணைப்புக்குள் போகிறது. கண்ணாடியின் பின்னால் சுவரைக் கொத்திப் பதித்த பெட்டியில், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புதான் முதல் சந்தேகத்துக்குரியது. டேப்பின் பசை இளகிக் கம்பியின் மீது தேன்போல வழிந்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும்.

மலைவீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. குளியலறையின் சூடான ஈரக்காற்று, பதித்த குழாய் வழியே மேலே ஏறி, குளிர்ந்த தளத்துக்குள் போனதும் நீராகிறது. அந்த நீர் அதே குழாயில் இறங்கி வந்து பெட்டிக்குள் சொட்டுகிறது. பெட்டியின் அடியில் வெள்ளைக் கறையாக நீர்மட்டக் கோடு தெரிந்தால் இதுதான் காரணம். பெட்டிக்குள் வரும் குழாயின் வாயைக் கம்பிகளைச் சுற்றி சிலிக்கோனால் அடைத்துவிட்டால் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட கோளாற்றை மதியம் வந்து சோதிக்கும் வயர்மேன் கண்டுபிடிக்க மாட்டார், ஏனென்றால் அதற்குள் எல்லாம் காய்ந்திருக்கும். காலை குளியல் முடிந்த கையோடு அவரை வரச்சொல்லுங்கள். 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். டிரைவரையும் தொடு பலகையையும் கழற்றிவிட்டே அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அளவும் பொய்யாகும், டிரைவரும் கெடும்.

### கண்ணாடி அணைந்திருக்கும்போது, கீசரைப் போட்டால் விழுந்தால்

இந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மக்கள் தேவையற்றுப் பணத்தை இழக்கிறார்கள்.

ஏரிக்குக் கீழ்ப்புறம் உள்ள ஒரு வீட்டில், காலையில் கீசரைப் போட்ட உடனே ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டிருந்தது. கீசரின் எலிமெண்ட்டை ஒருமுறை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடி மீண்டும் விழுந்தது. வேறொருவர் வந்து கீசரையே மாற்றச் சொன்னார். புதுக் கீசரிலும் விழுந்தபோதுதான் என்னை அழைத்தார்கள். "அண்ணே, இனிமே மாத்துறதுக்கு வீட்டுல ஒண்ணுமில்ல" என்றார் வீட்டுக்காரர்.

நான் கேட்ட முதல் கேள்வி, கீசரைத் தவிர வேறு எதைப் போட்டாலாவது விழுகிறதா என்பது. இஸ்திரிப் பெட்டி போட்டால் எப்போதாவது விழும் என்றார் அவர் மனைவி. விளக்கு, மின்விசிறிகளுக்கு விழுவதில்லை. அதிக மின்சாரம் இழுப்பவை மட்டுமே விழச் செய்கின்றன என்றால், வீட்டில் எங்கோ நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். நியூட்ரலில் பளு குறைவாக இருக்கும்போது அந்தத் தொடுதலில் கசிவு மிகக் குறைவு. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியரை இழுக்கும்போது நியூட்ரலில் சில வோல்ட் எழும்புகிறது. அதனால் மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வழியே ஒழுகி, ஆர்.சி.சி.பி. விழும் அளவான 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. கீசர் இதில் குற்றமற்றது. தொடுதல் வீட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

மெயினை அணைத்து, நியூட்ரல் பட்டையிலிருந்து எல்லா நியூட்ரல்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராக மல்டிமீட்டரில் பார்த்தேன். குளியலறை விளக்குச் சுற்றின் நியூட்ரல் மட்டும் 3 ஓம் காட்டியது. மற்றவை எதுவும் காட்டவில்லை. அந்தச் சுற்றில் இரண்டு விளக்குகளும் ஒரு சூடேறும் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடியை இறக்கியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கண்ணாடியைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே கறுப்புக் கம்பி மாட்டிக்கொண்டு நசுங்கியிருந்தது. உறையில் அரிசி அளவில் ஒரு கிழிசல். அதன் வழியே செம்பு பளபளத்தது. பட்டை எர்த்தோடு முறையாக இணைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் சுவிட்ச் அணைந்தே இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அது ஃபேஸை மட்டுமே துண்டித்தது.

எலிமெண்ட் மாற்றியபின் ஒரு வாரம் நன்றாக ஓடியதன் காரணமும் பிறகு புரிந்தது. அந்த வாரம் அறையை வெள்ளையடிக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

நசுங்கிய துண்டை வெட்டி நீக்கிப் புதுக் கம்பி இழுத்தேன். கூடவே கண்ணாடிக்கு, கீசருக்குப் போடுவதைப் போன்ற இருமுனை சுவிட்ச் ஒன்றைக் குளியலறைக்கு வெளியே வைத்தேன். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். ஐயம் வந்தால் அதை அணைத்துவிட்டுக் கீசரைப் போட்டுப் பார்த்தாலே குற்றம் கண்ணாடியிலா இல்லையா என்று வீட்டுக்காரரே அறியலாம்.

நியூட்ரல் பட்டையைக் கழற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். ஆனால், கீசரை மாற்றச் சொல்பவரிடம் "நியூட்ரலை எர்த்தோடு வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## அறிகுறி 3: சட்டத்தைத் தொட்டால் சுரீரென்கிறது

இங்கே காரணத்தைத் தேடுவதற்கு முன்பே பயன்பாட்டை நிறுத்துங்கள். ஈரக் கையும் வெறுங்காலும் உள்ள இடத்தில், கூச்சம் போலத் தோன்றுவதும் உயிருக்கு ஆபத்தாக மாறலாம்.

பெரும்பாலும் காரணம் எர்த் கம்பி இல்லாததே. பழைய வீடுகளில் விளக்குப் புள்ளிகளுக்குச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கம்பிகள் மட்டுமே இழுத்திருப்பார்கள், பச்சை இருக்காது. உலோகச் சட்டமுள்ள எல்.இ.டி. கண்ணாடியை அதில் இணைத்தால், டிரைவரின் உள்ளிருந்து சிறு கசிவு சட்டத்தில் வந்து நிற்கும். சட்டத்துக்கும் நம்பகமான எர்த்துக்கும் இடையே மீட்டர் 100 முதல் 120 வோல்ட் வரை காட்டும். டெஸ்டரும் மங்கலாக எரியும். எர்த்தை இணைத்ததும் அது ஏறக்குறைய சுழியாகிவிட்டால் காரணம் அதுவே. மீட்டர் 230ஐ ஒட்டிக் காட்டினால் உள்ளே ஃபேஸ் கம்பியே சட்டத்தைத் தொடுகிறது என்று கொள்ள வேண்டும். இந்த அளவீட்டை வயர்மேனிடமே விடுங்கள்.

எர்த் இல்லையென்பதற்காகத் தண்ணீர்க் குழாயில் கம்பியைக் கட்டாதீர்கள். இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக். அவை எர்த்தாக உதவா. இரும்புக் குழாயாக இருந்தால், கோளாறு வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களிலும் மின்சாரம் ஏறும். மின்பலகையிலிருந்து புதுப் பச்சைக் கம்பி இழுப்பதுதான் தீர்வு. அதற்கு வழியில்லாத வீட்டில், முத்திரையில் சதுரத்துக்குள் சதுரம் உள்ள இரட்டைக் காப்புக் கண்ணாடியை வாங்குங்கள்; அதற்கு எர்த் தேவையில்லை. ஆர்.சி.சி.பி. மட்டும் எந்த வகைக் கண்ணாடிக்கும் தேவை.

## அறிகுறி 4: விளக்கு தானே எரிகிறது அல்லது அணைத்தும் மினுங்குகிறது

தொடு பொத்தானின் மேல் நீர்த்துளி வழிந்தால் அது விரலென்று எண்ணி விளக்கைப் போட்டுவிடும். உலர்ந்த துணியால் துடைத்தபின் நின்றுவிட்டால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். உலர்ந்த நிலையிலும் தானே எரிந்தால், கண்ணாடிக்கும் பொத்தானின் உணரிக்கும் இடையே ஈரம் புகுந்திருக்கும். இரண்டு நாள் வெயிலில் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மினுங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சுவிட்சில் சிறு குறிகாட்டி விளக்கு இருந்தால், அதன் வழியே ஒழுகும் மின்சாரமே எல்.இ.டி.யை மினுங்க வைக்கப் போதும். குறிகாட்டி இல்லாவிட்டால், பெரும்பாலும் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கிறது என்று பொருள். அப்படியானால் அணைத்த நிலையிலும் கண்ணாடி முழுவதும் ஃபேஸ் நிற்கிறது. இதை மாற்றி அமைக்க வயர்மேனுக்குக் கால் மணி நேரம் போதும். தள்ளிப் போடாதீர்கள்.

## அறிகுறி 5: சவரக் கண்ணாடியில் வரும் குறைகள்

### கையை நீட்டினால் விளக்கு அணைகிறது

நீட்டி மடக்கும் கையின் மூட்டில் கம்பி நாள்தோறும் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கிறது. வெளியுறை மட்டும் முழுதாக இருக்கும். கையை மெதுவாக அசைத்து, எந்த மடிப்பில் விளக்கு போய் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் டிரைவர் இருந்து, கைக்குள் 12 வோல்ட் மட்டும் ஓடும் வகையானால் புதுக் கம்பி கோத்துச் சரிசெய்யலாம். 230 வோல்ட்டே கை வழியாகத் தலைக்குப் போகும் வகையானால் அறுந்த செம்பு ஈரக் கைக்கு மிக அருகில் இருக்கிறது. அதைக் கழற்றிக் கழித்துவிடுங்கள்.

### உருவம் கலங்கித் தெரிகிறது

கண்ணாடி கெடவில்லை, தூரம் தவறு. மூன்று மடங்கு பெருக்கும் கண்ணாடியில் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்திலும், ஐந்து மடங்கில் அதைவிட நெருங்கியும் முகத்தை வைக்க வேண்டும். வாஷ்பேசினுக்குப் பின்னால் உள்ள சுவரில் நீளாத கையுடன் மாட்டினால் அவ்வளவு நெருங்க முடியாது. ஆகவே பக்கச் சுவரில், கை நீண்டால் பேசினின் விளிம்பு வரை வருமாறு மாட்டுங்கள். உயரம், சவரம் செய்பவரின் கண் மட்டம்.

### விளக்கு சரி, ஆனால் ஆவி படிகிறது

இவ்வகைக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் பேட் கிடையாது. வளைந்த கண்ணாடியில் தட்டைப் பேட்டை ஒட்டவும் முடியாது. ஒட்டினால் விளிம்பு எழும். ஆவி எழும் இடத்திலிருந்து விலக்கி, சூடேறும் பெரிய கண்ணாடிக்கு அருகே மாட்டுவதே நடைமுறைக்கு ஏற்றது.

### பிளக் வைத்த கண்ணாடி ஷேவர் சாக்கெட்டில் எரியவில்லை

விடுதிகளில் வாஷ்பேசின் அருகே மின் சவரப் பொறிக்கென்று தனி சாக்கெட் இருக்கும். அதன் பின்னால் சுற்றைப் பிரித்து வைக்கும் சிறு மின்மாற்றி உண்டு. அது ஒரு சவரப் பொறியின் பளுவை மட்டும் தாங்கும். 50 வாட் பேட்டை அதில் செருகினால் அதன் காப்பு துண்டித்துக்கொள்ளும். சிறிது நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும். சூடேறும் கண்ணாடிக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

### எதிர்ச் சுவரிலோ துண்டிலோ சுட்ட வடு தெரிகிறது

இது மின்சாரத்தால் வந்ததல்ல. குழிந்த கண்ணாடி, ஜன்னல் வழியே வரும் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளியில் பிளாஸ்டிக் திரைச்சீலையோ காய்ந்த துணியோ இருந்தால் தீப்பிடிக்கவே கூடும். கிழக்கு ஜன்னலுள்ள குளியலறையில், குளிர்காலக் காலை வெயில் தாழ்ந்து நேரே உள்ளே வரும். நேர் வெயில் விழாத சுவருக்கு இடம் மாற்றுங்கள். அதுவரை பயன்படுத்தாத நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

## அறிகுறி 6: கண்ணாடியின் விளிம்பு கறுக்கிறது

பேட்டின் மேல் பழி போட வேண்டாம். கீழ் விளிம்பில் தேங்கும் நீரும், அமிலம் கலந்த தரை கழுவும் திரவமும் பின்பூச்சை அரிக்கின்றன. கறுத்ததை மீட்க முடியாது. திரவத்தைக் கண்ணாடியின் மேல் நேரே தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தால் அரிப்பு மேலும் பரவுவது குறையும். கறுப்பு பேட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டால் ஈரமும் அங்கே வந்துவிட்டது என்று கொண்டு, மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

## பழைய இடத்திலேயே மீண்டும் மாட்டலாமா

சரிசெய்த கண்ணாடியை மாட்டுவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் தொட்டி இருந்தால் அதன் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு அப்பால் கண்ணாடி இருப்பது நல்லது. தொட்டியில்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், ஷவர் தலையிலிருந்து 1.2 மீட்டர் தூரத்துக்குள் வரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இவை பன்னாட்டு மின்விதிகள் குளியலறையைப் பிரிக்கும் எல்லைகள். நம் குளியலறைகளில் வாளியும் குவளையுமாகக் குளிப்பவர்கள் அதிகம். குவளை நீர் எந்த எல்லையையும் பார்ப்பதில்லை. ஆகவே எங்கே மாட்டினாலும் ஐ.பி. 44 தரத்துக்குக் குறைந்த கண்ணாடியை நான் மாட்டுவதில்லை. அந்த எண்ணில் இரண்டாவதாக வரும் 4, எப்பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஹோஸ் குழாயால் பீய்ச்சினால் தாங்காது. சுவரை அப்படிக் கழுவும் வழக்கமுள்ள வீட்டில் அதை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

இணைப்பைக் கண்ணாடியின் பின்னால் டேப் சுற்றி விடாமல், ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் கீழ்ப்புறமிருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக உள்ளே போகட்டும். பெட்டிக்குச் சற்று முன்னால் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், அதன்மேல் வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். தாங்கும் பட்டையைத் திருகும் முன், கம்பி எதுவும் அதன் அடியில் மாட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும் வரை கண்ணாடியை இணைக்காதீர்கள். பிறகு அன்று அளந்த பேட்டின் ஓம் அளவையும் தேதியையும் மின்பலகை மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் கண்ணாடி மங்கினால், வரும் வயர்மேன் அந்த எண்ணோடு ஒப்பிட்டே வேலையைத் தொடங்கலாம்.